காணோமா, அழித்தாச்சா?

ஒரு சின்னக் கல்யாண ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு முகூர்த்தமும் ரிசப்ஷனும் படம்பிடித்து வந்தால் அதில் பாதி நிரம்பிவிடும். அதனால் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிச் செருகி, அது `E:` என்று வந்ததும் டிராப்பாக்ஸ் ஃபோல்டரையே `E:\Dropbox` என்று அங்கே மாற்றிவிட்டார்கள். வேறு ஊரில் இருக்கும் ஆல்பம் டிசைனரின் கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர் சிங்க் ஆகிறது. இங்கே படத்தைப் போட்டால் அங்கே வந்துவிடும். நாலைந்து மாதம் எந்தத் தொல்லையும் இல்லை.

ஒருநாள் ஸ்டூடியோக்காரர் வேறு வேலைக்காக டிஸ்க்கை உருவிக்கொண்டு போகிறார். கொஞ்ச நேரத்தில் டிசைனரிடமிருந்து போன் வருகிறது. “அண்ணே, ரிசப்ஷன் ஃபோல்டர்ல பாதிப் படத்தைக் காணோம். நீங்க எதுவும் அழிச்சீங்களா?”

இவர் எதையும் அழிக்கவில்லை. படங்கள் எல்லாம் பையில் இருக்கும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கிளவுடில் இல்லை, டிசைனரிடமும் இல்லை. இது தினமும் நடக்கிற விபத்து அல்ல. நூறு தடவை உருவினாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். நூற்றியோராவது தடவை ஏன் ஆகிறது என்று புரிய வேண்டுமானால், சிங்க் ஆப் உள்ளே என்ன கணக்கு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிங்க் ஆப் எப்போதும் மூன்று பட்டியல்களை ஒப்பிடுகிறது. இப்போது டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. இப்போது கிளவுடில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டும் கடைசியாக ஒத்துப்போனபோது என்ன இருந்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது பட்டியலை ஆப் தன் சொந்த டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும். அது பொதுவாக லேப்டாப்பின் உள் டிஸ்க்கில், `C:` பக்கம் இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உருவினாலும் அந்தக் கணக்கு லேப்டாப்பிலேயே தங்கிவிடும்.

`Reception_0412.jpg` என்ற படத்தை வைத்துப் பாருங்கள். டிஸ்க்கில் இருக்கிறது, பழைய கணக்கில் இல்லை என்றால் அது புதுப் படம், கிளவுடுக்கு ஏற்ற வேண்டும். கிளவுடில் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது, டிஸ்க்கில் மட்டும் இல்லை என்றால் வீட்டுக்காரர் அழித்துவிட்டார் என்று பொருள். அப்படியானால் கிளவுடிலும் அழிக்க வேண்டும், மற்ற கம்ப்யூட்டர்களிலும் அழிக்க வேண்டும். சிங்க் என்றால் அதுதான். நீங்கள் ஒரு படத்தை வேண்டுமென்றே டெலிட் செய்யும்போது அது எல்லா இடத்திலும் போக வேண்டும் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அந்த வசதிதான் இங்கே வில்லனாகிறது. அழித்த ஃபைலும், டிஸ்க்கோடு வெளியே போன ஃபைலும் இந்தக் கணக்கில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுமே “இங்கே இல்லை.”

வகுப்பில் ஒரு பையன் இல்லையென்றால் ஆசிரியர் ஆப்சென்ட் போடலாம். ஒருவர்கூட இல்லையென்றால், தான் வேறு வகுப்பறைக்குள் வந்துவிட்டோமோ என்று யோசிக்க வேண்டும். நல்ல சிங்க் ஆப் இப்படித்தான் யோசிக்கிறது. ஃபைலைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஃபோல்டரே இருக்கிறதா என்று கேட்கிறது. விண்டோஸில் டிஸ்க் முழுதாகப் போய்விட்டால் `E:\Dropbox` என்ற பாதையே இல்லை, அல்லது டிவைஸ் தயாராக இல்லை என்று எரர் வரும். “ஃபோல்டர் காலி” என்பது ஒரு பதில், “ஃபோல்டரை அடைய முடியவில்லை” என்பது வேறு பதில். இரண்டாவது பதில் வந்ததும் ஆப் வேலையை நிறுத்திக்கொள்ளும். நூறு தடவை தப்பித்ததற்குக் காரணம் இதுதான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. டிஸ்க் போவது நமக்குத்தான் ஒரே நொடியில் நடக்கும் காரியம். ஆப்புக்கு அது துண்டு துண்டாகத் தெரியும். ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நடுவில் கேபிள் கழன்றால், முதலில் வருவது சில ஃபைல்களைக் காணோம் என்ற செய்தியாக இருக்கலாம். மொத்த டிஸ்க்கும் போய்விட்டது என்று அது கண்டுகொள்வதற்குள், காணாமல் போன அந்தச் சிலவற்றை “அழிக்கப்பட்டவை” என்று கிளவுடுக்குச் சொல்லிவிட்டிருக்கும். இது என் கற்பனை இல்லை. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க் துண்டிக்கப்பட்டால், மொத்த டிஸ்க்கும் போனதை உணர்வதற்கு முன் ஃபைல்களை அழிக்கத் தொடங்கும் வாய்ப்பு சிறியதானாலும் உண்மையில் உண்டு என்று டிராப்பாக்ஸ் தன் உதவிப் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறது. ஸ்டூடியோக்காரருக்குப் பாதிப் படம் மட்டும் போனதும் அதனால்தான்.

சரி, முறையாக எஜெக்ட் செய்துவிட்டு எடுக்கலாமே என்பீர்கள். செய்து பாருங்கள். டாஸ்க்பாரின் ஓரத்தில் `Safely Remove Hardware` என்பதை அழுத்தினால், `This device is currently in use` என்று பெரும்பாலும் பதில் வரும். அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பது வேறு யாரும் இல்லை, சிங்க் ஆப்தான். ஃபோல்டரில் ஏதாவது மாறுகிறதா என்று கவனிக்க அதை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும். திறந்திருந்த எல்லா விண்டோவையும் மூடிவிட்டு, மறுபடி முயன்று, அதே செய்தி வந்ததும் எரிச்சலில் கேபிளை இழுப்பது மனித இயல்பு. சிங்க்கை `Pause` செய்தாலும் பல நேரம் இந்தப் பிடி விடாது, ஏனென்றால் அப்போது நிற்பது ஏற்றி இறக்குவது மட்டும்தான். ஆப்பின் ஐகானை அழுத்தி `Quit` கொடுக்க வேண்டும். அது மூடியபின் எஜெக்ட் சாதுவாக நடக்கும். திரும்பவும் வரிசை முக்கியம். முதலில் டிஸ்க்கைச் செருகி, `E:` வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் ஆப்பைத் திறக்க வேண்டும்.

கை வைக்காமலே டிஸ்க் போகிற சந்தர்ப்பங்களும் உண்டு. ஆடுகிற கேபிள், மின்சாரம் போதாத யுஎஸ்பி ஹப் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். லேப்டாப் தூங்கி எழும்போதும் கவனிக்கலாம். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும், ஆப்போ உடனே எழுந்து ஃபோல்டரைத் தேட ஆரம்பித்துவிடும். இந்தக் காரணத்தாலேயே, விண்டோஸ் திறக்கும்போது தானாகத் தொடங்கும் வசதியை இப்படிப்பட்ட ஆப்புக்கு நிறுத்தி வைப்பது நல்லது.

டிஸ்க் இல்லாமலே ஆப் தொடங்கிவிட்டால் என்ன? டிராப்பாக்ஸ் ஃபோல்டரைக் காணோம் என்று ஒரு பெட்டியைக் காட்டும். மூடிவிட்டு வெளியேறலாம், அல்லது புதிதாக இணைத்துக்கொண்டு தொடரலாம் என்கிற மாதிரி பட்டன்கள் இருக்கும். வெளியேறி, டிஸ்க்கைச் செருகி, திரும்பத் திறந்தால் எல்லாம் பழையபடி ஓடும். அவசரத்தில் புதிதாக இணைத்தால் ஆப் `C:` டிரைவில் ஒரு புது ஃபோல்டரைத் தொடங்கி, கிளவுடில் உள்ளதை அதற்குள் இறக்க ஆரம்பிக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரமே சிவப்புக் கோட்டைத் தொடும்.

அதைவிடத் தொல்லை அதன் பிறகு வரும். இரண்டு வாரம் கழித்து யாராவது பழைய டிஸ்க்கைச் செருகி, ஆப்பை மறுபடி `E:\Dropbox` பக்கம் திருப்புவார்கள். அந்த டிஸ்க்கில் இருப்பது இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலவரம். இடையில் டிசைனர் வேண்டாமென்று அழித்த படங்கள் எல்லாம் புதுப் படங்களைப் போல உயிர்பெற்று வரலாம். இடையில் மாறிய ஃபைல்களுக்கு இரண்டு பதிப்புகள் முட்டிக்கொள்ளும். பெயருக்கு நடுவில் `conflicted copy` என்று ஒட்டிய ஃபைல்கள் ஃபோல்டர் முழுக்க முளைத்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எதுவும் அழியவில்லை என்பது ஆறுதல். ஆனால் எந்த ஆல்பம் கடைசியாக வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது என்று தேடிப் பிரிப்பது ஒருநாள் வேலை.

மெமரி கார்டின் கதை வேறு, என் கணிப்பில் அதுதான் ஆபத்து அதிகமானது. எக்ஸ்டர்னல் டிஸ்க் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். கார்டு நாலு இருக்கும், நாலும் ஒரே ஸ்லாட்டில் மாறி மாறி ஏறும். விண்டோஸ் அந்த ஸ்லாட்டுக்கு ஒரே எழுத்தைத்தான் கொடுக்கும். கேனான் கேமராவில் ஃபார்மேட் செய்த எந்தக் கார்டிலும் படங்கள் `DCIM` என்ற ஃபோல்டருக்குள், `100CANON` மாதிரி ஒரு உள் ஃபோல்டரில், `IMG_0001.JPG` என்ற வகைப் பெயரில் இருக்கும். எண் வரிசையைக் கார்டு மாறும்போது மறுபடி 0001-இலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால், இரண்டு கார்டுகளிலும் ஒரே பாதையில் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் இருக்கும்.

இப்போது `F:\DCIM` என்ற பாதையை மட்டும் பார்த்து, எந்தக் கார்டு என்று பார்க்காத ஒரு சிங்க் ஆப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டில் முகூர்த்தம், 600 படம். ஏறிவிட்டது. அதை எடுத்துவிட்டு இரண்டாவது கார்டைப் போடுகிறீர்கள். அதில் வேறொரு வீட்டு வளைகாப்பு, 200 படம். ஆப்பின் பார்வையில் பாதை இருக்கிறது, எரர் இல்லை, ஃபோல்டர் காலியும் இல்லை. 0001 முதல் 0200 வரை “எடிட் செய்யப்பட்டுள்ளன”, 0201 முதல் 0600 வரை “அழிக்கப்பட்டுள்ளன”. இதில் சந்தேகப்பட அதற்கு எந்தக் காரணமும் இல்லை. மொத்த ஃபோல்டரும் காணாமல் போனால் எச்சரிக்கும் ஆப்புகூட இங்கே ஏமாந்துபோகும்.

இந்த விபத்தில் மீட்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. அழிந்த 400 படம் கிளவுடின் டிராஷில் இருக்கும். மேலெழுதப்பட்ட 200 படம் டிராஷில் இருக்காது, ஏனென்றால் கணக்கில் அவை அழியவே இல்லை. ஒவ்வொரு ஃபைலின் பழைய பதிப்புப் பட்டியலில்தான் தேட வேண்டும். டிராஷை மட்டும் திருப்பிவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி, முதல் 200 படத்தைத் திறக்கும்போதுதான் வளைகாப்பைப் பார்ப்பார்கள்.

இரண்டு கார்டுகளுக்கும் உண்மையில் வேறு அடையாளம் இல்லையா? இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை அடித்துப் பாருங்கள்.

```
vol F:
```

கார்டின் பெயரும், அதற்குக் கீழே `Volume Serial Number` என்று எட்டு எழுத்தெண்ணும் வரும். அது ஃபார்மேட் செய்யும்போது பதிவாவது, கார்டுக்குக் கார்டு மாறும். எழுத்தையும் பெயரையும் நம்பாமல் இந்த எண்ணைச் சரிபார்க்கும் ஆப் ஏமாறாது. மேக்கிலும் இதே தொல்லை வேறு உருவில் வரும். ஒரே பெயருள்ள இரண்டு கார்டுகளைச் சேர்த்துச் செருகினால், இரண்டாவது `EOS_DIGITAL 1` என்று வால் ஒட்டிக்கொண்டு வரும். அது நல்லதுதான், பாதை வேறாகிவிடுகிறது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் வால் வராது, பாதை அப்படியே இருக்கும்.

இந்தக் குழப்பத்தை மைக்ரோசாஃப்ட் வாசலிலேயே தடுத்துவிட்டது. ஒன்டிரைவ் ஃபோல்டரை வைக்க, விண்டோஸ் “கழற்றக்கூடியது” என்று அடையாளம் காணும் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அது ஏற்றுக்கொள்ளாது. டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்கும். 2017 ஜூலையில் இது பெரிய புகாராக வெடித்தது. உள் இடம் குறைந்த டேப்லெட்டுகளிலும் லேப்டாப்புகளிலும், மெமரி கார்டை உள் டிஸ்க் மாதிரி காட்டும் தந்திரங்களைச் செய்து அதில் ஒன்டிரைவ் வைத்திருந்தவர்கள் பலர். ஒருநாள் திடீரென்று என்டிஎஃப்எஸ் இல்லாத டிரைவில் ஓடமாட்டேன் என்று அது நின்றுவிட்டது. விதி எப்போதும் இருந்ததுதான், எச்சரிக்கைதான் இதுவரை வராமல் இருந்தது என்று நிறுவனம் பதில் சொன்னது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையிலும்தான் கடையில் வருகின்றன. ஆகவே விதி ஏறக்குறைய எல்லாக் கார்டையும் வெளியே தள்ளியது. அன்று திட்டியவர்களில் ஒருவருக்கும் இது பிடிக்காது, ஆனால் நிறுவனத்தின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பேன். சொன்ன விதத்தில்தான் கோளாறு.

மறுப்பதற்குப் பதில் சாமர்த்தியமாகக் கையாளும் வழியை சிங்திங் என்ற இலவச ஆப்பில் பார்க்கலாம். இது கிளவுட் கம்பெனி எதுவும் நடுவில் இல்லாமல், நம் சொந்தக் கருவிகளுக்குள்ளேயே சிங்க் செய்வது. ஒரு ஃபோல்டரைச் சேர்த்ததும் அதற்குள் `.stfolder` என்ற ஒரு குட்டி ஃபோல்டரை வைத்துவிடும். ஒவ்வொரு முறை தேடுவதற்கு முன்பும் அது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இது நம் டிஸ்க்தான், உள்ளே எது இல்லையோ அது உண்மையாகவே அழிக்கப்பட்டது. இல்லாவிட்டால் `folder marker missing` என்று எரர் காட்டி, ஒரு ஃபைலையும் தொடாமல் நின்றுவிடும். கார்டு மாறினாலும் இதே காவல்தான், ஏனென்றால் இரண்டாவது கார்டில் அந்த அடையாளம் இருக்காது.

இந்த அடையாளத்தின் அருமை லினக்ஸில்தான் முழுதாகத் தெரியும். வீட்டில் ராஸ்ப்பெரி பை வைத்து அதில் யுஎஸ்பி டிஸ்க் மாட்டியிருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. லினக்ஸில் டிஸ்க்குக்கு எழுத்து கிடையாது, `/mnt/photos` போன்ற ஒரு ஃபோல்டரின் மேல் அதை ஏற்றி வைப்பார்கள். டிஸ்க் இறங்கிவிட்டாலும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும், காலியாக. “அடைய முடியவில்லை” என்ற பதிலே வராது, “இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை” என்றுதான் வரும். காவல் இல்லாத சிங்க் ஆப் அந்த இடத்தில் மொத்தத்தையும் அழித்துவிடும்.

இரண்டு பேர் இந்தக் காவலைக் கெடுக்கிறார்கள். முதலாமவர், ஏதோ குப்பை என்று நினைத்து `.stfolder`-ஐ அழிப்பவர். அவருக்குச் சிங்க் நின்றுபோகும், வேறு சேதம் இல்லை. இரண்டாமவர்தான் ஆபத்தானவர். எரரைப் பார்த்துவிட்டு, இணையத்தில் எங்கோ படித்ததை நம்பி, டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பாராமலே அந்தக் காலி `/mnt/photos`-க்குள் கையால் `.stfolder` செய்து வைப்பார். இனி டிஸ்க் இல்லாதபோதும் அடையாளம் இருக்கும்.

போனது போய்விட்டது, இப்போது என்ன செய்வது? ஸ்டூடியோவுக்கே திரும்புவோம். உருவிய டிஸ்க்கில் எல்லாப் படமும் இருக்கின்றன என்று சொன்னேன். பதறிப்போய் அதை அதே லேப்டாப்பில் உடனே செருகுவதுதான் செய்யக்கூடாத காரியம். ஆப் ஓடிக்கொண்டிருந்தால், கிளவுடில் இப்போது “இல்லை” என்றிருக்கும் படங்களை டிஸ்க்கிலும் அழித்துக் கணக்கைச் சமன்செய்ய அது முயலலாம். முழுப் பிரதி இருக்கிற ஒரே இடமும் போய்விடும். முதலில் ஆப்பை `Quit` செய்ய வேண்டும், அல்லது டிராப்பாக்ஸே இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருக வேண்டும். அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு முழுதாகக் காப்பி எடுத்த பிறகே மற்றது.

அடுத்து பிரவுசரில் கிளவுட் கணக்கைத் திறந்து அழிந்தவற்றின் பட்டியலைப் பார்க்கலாம். ஒரே நிமிடத்தில், ஒரே கம்ப்யூட்டரின் பெயரில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் அழிந்ததாகத் தெரிந்தால் அது மனிதர் செய்தது அல்ல, டிஸ்க் போனதன் தடம். அங்கிருந்தே மொத்தமாக மீட்டுவிடலாம். இதற்குக் கெடு உண்டு. டிராப்பாக்ஸின் சாதாரணத் தனிநபர் கணக்குகளிலும் கூகுள் டிரைவிலும் 30 நாள், ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் 30 நாள், அலுவலக ஒன்டிரைவில் 93 நாள். டிசைனர் போன் செய்ததால் அன்றே தெரிந்தது. ஆறு மாதம் யாரும் திறக்காத பழைய ஆல்பங்களுக்கு இப்படி நடந்தால் தெரியவே வாய்ப்பில்லை.

இனிமேலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான் சிங்க் ஃபோல்டர் வேண்டும் என்றால், விண்டோஸில் `diskmgmt.msc` திறந்து அந்த டிஸ்க்குக்கு `P:` மாதிரி பின்னால் வரும் ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அடுத்து செருகும் பென் டிரைவ் முன்னால் காலியாக உள்ள எழுத்தை எடுத்துக்கொள்ளும், இதன் இடத்தில் வந்து உட்காராது. மெமரி கார்டைச் சிங்க் ஃபோல்டராக வைக்கவே வேண்டாம். கார்டிலிருந்து தேதியிட்ட ஒரு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து, அந்த ஃபோல்டரைச் சிங்க் செய்தால் போதும்.

உங்கள் ஆப் எந்த ரகம் என்று அறிய ஒரு பழைய பென் டிரைவ் போதும். அதில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, தேவையில்லாத இருபது படங்களைப் போட்டு, அதை மட்டும் சிங்க் செய்யச் சொல்லுங்கள். கிளவுடில் இருபதும் வந்தபின் ஆப் ஓடும்போதே பென் டிரைவை உருவிவிட்டு, பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு அதே எழுத்தில் வரும்படி வேறொரு பென் டிரைவைச் செருகி, அதில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்குங்கள். இருபது படமும் கிளவுடில் அப்படியே இருந்து, ஆப் எரர் காட்டினால் அது டிஸ்க்கை அடையாளம் பார்க்கிறது. எண்ணிக்கை குறையத் தொடங்கினால் அது பாதையை மட்டுமே பார்க்கிறது.